யூனியன்-ஃபைண்ட் ஏன் இவ்வளவு வேகம்? தாவல்களை எண்ணிப் பார்ப்போம்

பத்து லட்சம் கணினிகள் இருக்கின்றன. முதலில் எதற்கும் எதோடும் தொடர்பில்லை. ஒவ்வொன்றாக இணைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன: 17-ஐயும் 40,212-ஐயும் இணை, 9-ஐயும் 17-ஐயும் இணை, இப்படி. நடுநடுவே கேள்விகளும் வருகின்றன: 9-லிருந்து 40,212-க்குப் போக வழி இருக்கிறதா? நேரடி இணைப்பு இருக்க வேண்டியதில்லை, இடையில் எத்தனை கணினிகள் இருந்தாலும் சரி. ஆம், இல்லை என்று உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு கேள்விக்கும் 9-லிருந்து கிளம்பி, போகக்கூடிய எல்லா இடத்துக்கும் போய்ப் பார்ப்பது. பதில் சரியாகவே வரும். ஆனால் ஒரே கேள்விக்குப் பல லட்சம் கணினிகளைத் தொட வேண்டியிருக்கும். கேள்விகளும் லட்சக்கணக்கில் வந்தால் அது நடக்கிற காரியம் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் பாதையைக் கேட்கவே இல்லை. இரண்டும் ஒரே குழுவில் இருக்கின்றனவா என்று மட்டும்தான் கேட்கிறோம். அப்படியானால் குழுவை மட்டும் நினைவில் வைத்தால் போதும், இணைப்புகளை மறந்துவிடலாம். யூனியன்-ஃபைண்ட் என்ற தரவுக் கட்டமைப்பு செய்வது இதைத்தான்.

இதன் வேகத்தைப் பற்றிப் பேசும்போது 'கிட்டத்தட்ட மாறாத நேரம்' என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அந்தக் 'கிட்டத்தட்ட' எங்கிருந்து வருகிறது என்பதைக் கையால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கணக்கை நோக்கித்தான் போகிறது.

குழுவுக்கு ஒரு வேர்

ஒவ்வொரு குழுவும் ஒரு மரம், அதிலுள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு முனை. ஒவ்வொரு முனையும் தன் பெற்றோர் யார் என்பதை மட்டும் வைத்திருக்கும். மரத்தின் வேர் தன்னையே பெற்றோராக வைத்திருக்கும். இதற்கு `parent` என்று ஓர் அணி போதும். ஒரு முனை எந்தக் குழு என்று தெரிய வேண்டுமானால், பெற்றோர், பெற்றோரின் பெற்றோர் என்று வேர் வரும்வரை ஏற வேண்டும். இதுதான் `find`. இரண்டு முனைகளின் வேரும் ஒன்றே என்றால் அவை ஒரே குழு. இரண்டு குழுக்களைச் சேர்க்க, ஒன்றின் வேரை இன்னொன்றின் வேருக்குக் கீழே தொங்கவிட வேண்டும். இதுதான் `union`. பெர்னார்ட் கேலரும் மைக்கேல் ஃபிஷரும் இந்த மர அமைப்பை 1964-இல் வெளியிட்டார்கள்.

ஒரு முனையிலிருந்து அதன் பெற்றோருக்குப் போவதை ஒரு தாவல் என்று வைத்துக்கொள்வோம். இனிமேல் செலவு என்றால் தாவல்களின் எண்ணிக்கைதான். `union` செய்யும் வேலையும் இரண்டு `find`, அப்புறம் ஓரிரு மாற்றங்கள், அவ்வளவுதான். ஆகவே `find`-இன் செலவு தெரிந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி.

யோசிக்காமல் தொங்கவிட்டால் என்ன ஆகும்? முதல் வேரை எப்போதும் இரண்டாவது வேருக்குக் கீழே போடுகிறோம் என்று வையுங்கள். இப்போது `union(0,1)`, `union(0,2)`, `union(0,3)` என்று வரிசையாக வந்தால் 0-வுக்கு மேல் 1, அதற்கு மேல் 2, அதற்கு மேல் 3 என்று மரம் ஒரே சங்கிலியாக நீளும். ஒவ்வொரு முறையும் 0-விலிருந்து உச்சி வரை ஏற வேண்டும். பத்து லட்சம் முனைகளுக்கு மொத்தம் சுமார் 50,000 கோடி தாவல்கள் ஆகும்.

இதைச் சரிசெய்ய இரண்டு திருத்தங்கள் இருக்கின்றன, இரண்டுமே சில வரிகள்தான்.

குட்டையை நெட்டைக்குக் கீழே போடு

முதல் திருத்தம் `union`-இல். ஒவ்வொரு முனைக்கும் ரேங்க் என்று ஓர் எண் வைத்துக்கொள்கிறோம். ஆரம்பத்தில் எல்லாருக்கும் 0. இரண்டு வேர்களைச் சேர்க்கும்போது குறைந்த ரேங்க் உள்ளது கூடுதல் ரேங்க் உள்ளதற்குக் கீழே போகும். அப்போது யாருடைய ரேங்க்கும் மாறாது. இரண்டும் சமமாக இருந்தால் மட்டும், மேலே நிற்பதன் ரேங்க் ஒன்று கூடும்.

இரண்டாவது திருத்தம் `find`-இல். வேர் வரை ஏறிப் பார்த்தாகிவிட்டது, வேர் யாரென்று தெரிந்துவிட்டது. சரி, வந்த வழியில் இருந்த எல்லா முனைகளையும் நேராக அந்த வேரிலேயே மாட்டிவிடு. இதற்குப் பாதைச் சுருக்கம் என்று பெயர்.

```python
n = 10**6  # முனைகளின் எண்ணிக்கை
parent = list(range(n))
rank = [0] * n

def find(x):
    root = x
    while parent[root] != root:
        root = parent[root]
    while x != root:
        nxt = parent[x]
        parent[x] = root
        x = nxt
    return root

def union(a, b):
    a, b = find(a), find(b)
    if a == b:
        return False
    if rank[a] < rank[b]:
        a, b = b, a
    parent[b] = a
    if rank[a] == rank[b]:
        rank[a] += 1
    return True
```

`find`-ஐத் தன்னையே அழைக்கும்படி இரண்டே வரியில் எழுதுபவர்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ரேங்க் போடாமல் விட்டு, மரம் நீண்ட சங்கிலியாகிவிட்டால், பைத்தான் ஆயிரம் அழைப்பை ஒட்டியே நிரலை நிறுத்திவிடும். மேலே உள்ளபடி இரண்டு சுற்றாக எழுதினால் அந்தக் கவலை இல்லை.

எட்டு முனைகளை வைத்து ஓட்டிப் பார்ப்போம். வேண்டுமென்றே, ரேங்க் எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு உயரும்படி வரிசையைத் தேர்ந்தெடுக்கிறேன். முதலில் (0,1), (2,3), (4,5), (6,7). நான்கு ஜோடிகள். 0, 2, 4, 6 ஆகியவை வேர்கள், ஒவ்வொன்றின் ரேங்க்கும் 1. அடுத்து (0,2): இரண்டும் ரேங்க் 1, ஆகவே 2 போய் 0-வின் கீழ் நிற்கும், 0-வின் ரேங்க் 2 ஆகும். (4,6) அதே மாதிரி: 6 போய் 4-இன் கீழ் நிற்கும், 4-இன் ரேங்க் 2. கடைசியில் (0,4): மறுபடியும் சமம், 4 போய் 0-வின் கீழ் நிற்கும், 0-வின் ரேங்க் 3. இப்போது அணி இப்படி இருக்கும்:

```
முனை    0 1 2 3 4 5 6 7
parent  0 0 0 2 0 4 4 6
rank    3 0 1 0 2 0 1 0
```

`find(7)` கேட்கிறோம். 7-லிருந்து 6, அங்கிருந்து 4, அங்கிருந்து 0. மூன்று தாவல்கள். திரும்பும்போது 7-உம் 6-உம் நேராக 0-வின் கீழ் வந்துவிடும். 4 ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது.

```
முனை    0 1 2 3 4 5 6 7
parent  0 0 0 2 0 4 0 0
rank    3 0 1 0 2 0 1 0
```

இனி `find(7)` கேட்டால் ஒரே தாவல், `find(6)`-க்கும் அப்படியே. மரத்தின் உயரம் இப்போது 2-தான், ஆனால் 0-வின் ரேங்க் 3 என்றே இருக்கிறது. அதைத் திருத்த வேண்டியதில்லை, திருத்தவும் கூடாது. ரேங்க் என்பது உயரத்தின் மேல் வரம்பு மட்டுமே, சரியான உயரம் இல்லை. பாதையைச் சுருக்கும்போதெல்லாம் சரியான உயரத்தைக் கண்டுபிடிக்கப் போனால், மிச்சம் பிடித்த நேரம் அதிலேயே போய்விடும்.

ரேங்க் நமக்குத் தரும் மூன்று உறுதிகள்

கணக்குக்குத் தேவையானவை மூன்றே உண்மைகள்.

ஒன்று: வேரல்லாத எந்த முனையின் ரேங்க்கும், அதன் பெற்றோரின் ரேங்க்கைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சேர்க்கும் விதியைப் பார்த்தாலே இது தெரியும். சமமாக இருந்தாலும் மேலே நிற்பது ஒன்று கூடிவிடுகிறது. பாதைச் சுருக்கம் இதைக் கெடுக்காது, ஏனென்றால் புதிய பெற்றோர் பழைய பெற்றோருக்கும் மேலே இருந்தவர், அவருடைய ரேங்க் இன்னும் அதிகம். ஆக, சுருக்கம் ஒரு முனையின் பெற்றோரை மாற்றினால், அந்தப் பெற்றோர் இடத்தில் இருக்கும் ரேங்க் குறைந்தது ஒன்றாவது ஏறும். பின்னால் எல்லாமே இந்த ஒரு வரியில்தான் நிற்கப் போகிறது.

இரண்டு: ஒரு முனை வேராக இருப்பதை விட்டுவிட்டால் அதன் ரேங்க் அப்படியே உறைந்துவிடும். அது மறுபடி வேராகவே ஆகாது.

மூன்று: ரேங்க் k உள்ள முனைகள் மொத்தம் `n/2^k`-ஐத் தாண்டாது. ரேங்க் 1 வர இரண்டு ரேங்க் 0 வேர்கள் சேர வேண்டும், அதாவது குறைந்தது 2 முனைகள். ரேங்க் 2 வர அப்படி இரண்டு மரங்கள், குறைந்தது 4 முனைகள். ரேங்க் k வரும் நொடியில் அந்த மரத்தில் குறைந்தது `2^k` முனைகள் இருக்கும். ஒரு முனை இன்னொரு ரேங்க் k வேரை உருவாக்க மறுபடி கணக்கில் வராது, ஏனென்றால் அதன் வேர் ஏற்கெனவே k-ஐ எட்டிவிட்டது. ஆகவே பத்து லட்சத்தை `2^k` ஆல் வகுத்தால், ரேங்க் k முனைகள் அதிகபட்சம் எத்தனை என்று வந்துவிடும்.

எண்களைப் போட்டால் இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். பத்து லட்சம் முனைகளில் ரேங்க் 5 இருப்பவை அதிகபட்சம் 31,250. ரேங்க் 10 இருப்பவை அதிகபட்சம் 976. ரேங்க் 17 என்றால் 7. ரேங்க் 19 என்றால் ஒன்றே ஒன்று. ரேங்க் 20-க்கு 10,48,576 முனைகள் வேண்டும், நம்மிடம் அவ்வளவு இல்லை, ஆகவே ரேங்க் 20 வரவே வராது.

இங்கேயே ஒரு நல்ல செய்தி கிடைத்துவிட்டது. சுருக்கமே இல்லாவிட்டாலும், ரேங்க் மட்டும் இருந்தால், எந்த `find`-உம் 19 தாவலுக்கு மேல் போகாது. 50,000 கோடி எங்கே, ஒரு `find`-க்கு 19 எங்கே! பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. ஆனாலும் 19 என்பது n கூடக் கூட மெல்ல ஏறும் எண். சுருக்கத்தையும் சேர்த்தால் அந்த ஏற்றமும் கிட்டத்தட்ட நின்றுபோகிறது. அதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

இரண்டு கணக்குப் புத்தகங்கள்

சுருக்கம் இருக்கும்போதும் ஒரு தனி `find`-க்கு 19 தாவல் ஆகக்கூடும். அதை யாராலும் தடுக்க முடியாது. நாம் சொல்லப் போவது, அப்படிப்பட்ட `find`-கள் அடிக்கடி வர முடியாது என்பது. அதாவது தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஆகும் மொத்தச் செலவைக் கூட்டி, செயல்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கிறோம். இப்படிப் பார்க்கும் செலவைத்தான் அமார்டைஸ்டு செலவு என்கிறார்கள். இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. உள்ளீட்டை யார் எவ்வளவு கெட்ட எண்ணத்தோடு தேர்ந்தெடுத்தாலும் மொத்தம் அந்த வரம்புக்குள்தான் இருக்கும்.

ரேங்க்குகளை அடுக்குகளாகப் பிரிப்போம். 0 தனி அடுக்கு. 1 தனி, 2 தனி. அடுத்து 3-உம் 4-உம் ஒரே அடுக்கு. அடுத்தது 5 முதல் 16 வரை. அதற்கடுத்தது 17 முதல் 65,536 வரை. ஒவ்வொரு அடுக்கும் முந்தைய அடுக்கு முடிந்த எண்ணை 2-இன் அடுக்குக்குறியாகப் போட்ட இடத்தில் முடிகிறது: 1, 2, 4, 16, 65,536. ஏன் இப்படி என்பதற்குப் பின்னால் வருகிறேன். நமக்கு ரேங்க் 19-ஐத் தாண்டாது, ஆகவே கடைசி அடுக்கில் 17, 18, 19 மட்டும்தான். மொத்தம் ஆறு அடுக்குகள்.

இப்போது ஒவ்வொரு தாவலையும் இரண்டு புத்தகங்களில் ஏதாவது ஒன்றில் எழுதுகிறோம். x-லிருந்து அதன் பெற்றோருக்குத் தாவும்போது, பெற்றோர் வேராக இருந்தாலோ, பெற்றோரின் ரேங்க் x-ஐவிட மேலான அடுக்கில் இருந்தாலோ, அந்தச் செலவு `find`-இன் புத்தகத்தில் போகும். மற்றபடி, x-உம் பெற்றோரும் ஒரே அடுக்கில் இருந்து, பெற்றோர் வேராகவும் இல்லையென்றால், அந்தச் செலவு x என்ற முனையின் புத்தகத்தில் போகும்.

`find`-இன் புத்தகம் சுலபம். ஏறும்போது ரேங்க் கூடிக்கொண்டேதான் போகும், ஆகவே ஆறு அடுக்குகளுக்கு இடையே அதிகபட்சம் ஐந்து முறைதான் எல்லை தாண்ட முடியும். வேருக்குப் போகும் கடைசித் தாவல் ஒன்று. ஆக ஒரு `find`-க்கு அதிகபட்சம் ஆறு.

முனைகளின் புத்தகத்தில்தான் சுவாரசியம். x-இன் பெயரில் ஒரு செலவு எழுதினால், அதன் பெற்றோர் வேர் இல்லை என்று அர்த்தம். அப்படியானால் இந்த `find` முடியும்போது சுருக்கம் x-ஐப் புதிய பெற்றோரிடம் மாட்டிவிடும், அவருடைய ரேங்க் பழையவரைவிடக் கட்டாயம் அதிகம். ஒவ்வொரு முறை செலவு எழுதும்போதும் பெற்றோரின் ரேங்க் ஏறுகிறது. ஏறி ஏறி அது அடுக்கைத் தாண்டிவிட்டால், அதற்கப்புறம் x-இன் பெயரில் ஒருபோதும் செலவு எழுத முடியாது, ஏனென்றால் பெற்றோரின் ரேங்க் திரும்பக் கீழே இறங்குவதே இல்லை. ஒரு முனை தன் ஆயுள் முழுக்க எவ்வளவு செலவு வைக்க முடியும் என்பதற்கு இதனால் ஓர் உச்சவரம்பு வந்துவிடுகிறது.

அடுக்கடுக்காகக் கூட்டலாம். ரேங்க் 0, 1, 2 முனைகள் ஒன்றுகூடச் செலவு வைக்காது. அவற்றின் அடுக்கில் ஒரே ரேங்க்தான், பெற்றோர் எப்போதும் மேல் அடுக்கில்தான் இருப்பார். 3–4 அடுக்கில், ரேங்க் 3 முனை ஒரு முறை மட்டும் செலவு வைக்கலாம், பெற்றோர் ரேங்க் 4 ஆக இருக்கும்போது. ரேங்க் 3 முனைகள் அதிகபட்சம் 1,25,000. ஆகவே 1,25,000 தாவல்கள். 5–16 அடுக்கில், ரேங்க் 5 முனைகள் 31,250, ரேங்க் 6 அதில் பாதி, ரேங்க் 7 அதிலும் பாதி. எல்லாம் கூட்டினாலும் 62,500-ஐத் தொடாது. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 11 முறை செலவு வைக்கலாம், பெற்றோரின் ரேங்க் 6-லிருந்து 16 வரை ஒவ்வொரு படியாக ஏறினால். 62,500-ஐ 11-ஆல் பெருக்கினால் 6,87,500. கடைசி அடுக்கில் ரேங்க் 17 முனைகள் ஏழு, 18 முனைகள் மூன்று. அவை எல்லாம் சேர்ந்து 17 தாவல்தான்.

மொத்தம் 8,12,517. பத்து லட்சம் முனைகளும் சேர்ந்து, எத்தனை கோடி `find` ஓடினாலும், தங்கள் புத்தகத்தில் எழுதக்கூடியது அவ்வளவுதான். ஒரு முனைக்கு ஒரு தாவல்கூட இல்லை. m முறை `find` அழைத்தால் மொத்தச் செலவு 6m + 8,12,517-ஐத் தாண்டாது. m பத்து லட்சமோ அதற்கு மேலோ என்றால் சராசரி ஏழுக்குக் கீழே. இது மிகத் தாராளமான வரம்பு. உண்மையில் ஓட்டிப் பார்த்தால் இதைவிட நன்றாகவே குறைவாக வரும்.

அடுக்கின் எல்லைகள் ஏன் அப்படித் தாவித் தாவி வளர்ந்தன என்பது இப்போது புரிந்திருக்கும். k-வுக்கு மேல் தொடங்கி `2^k`-இல் முடியும் அடுக்கில் இருக்கும் முனைகள் `n/2^k`-ஐத் தாண்டாது. ஒவ்வொன்றும் அதிகபட்சம் `2^k` முறை செலவு வைக்கும். பெருக்கினால் n. அடுக்கு எவ்வளவு நீளமாக இருந்தாலும், அதில் முனைகள் அந்த அளவுக்கு அரிதாக இருப்பதால், ஓர் அடுக்குக்கு n தாவல்தான். ஆகவே அடுக்குகளைத் துணிந்து நீட்டலாம். நீட்டினால் அடுக்குகளின் எண்ணிக்கை குறையும், `find`-இன் புத்தகமும் மெலியும். ஆறாவது அடுக்கு 65,536-இல் முடிகிறது. ஏழாவது அடுக்கு தேவைப்பட n என்பது 19,729 இலக்கங்கள் கொண்ட எண் ஆக வேண்டும். எந்த நினைவகமும் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஒன்று கூடக்குறைய, இந்த அடுக்குகளின் எண்ணிக்கையைத்தான் `log* n` என்று எழுதுவார்கள். ஜான் ஹாப்கிராஃப்ட்டும் ஜெஃப்ரி உல்மனும் 1973-இல் இந்த வரம்பை நிறுவினார்கள். 1975-இல் ராபர்ட் டார்ஜான் இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட்டு, `log* n`-ஐவிட மெதுவாக வளரும் ஒரு சார்பை அந்த இடத்தில் கொண்டுவந்தார். அது, மிக மிக வேகமாக வளரும் அக்கர்மன் சார்பின் தலைகீழ், `α(n)`. நடைமுறையில் வரக்கூடிய எந்த n-க்கும் `α(n)` 4-ஐத் தாண்டாது. ஆனால் அது மாறிலி இல்லை, n முடிவில்லாமல் வளர்ந்தால் அதுவும் வளரும். இதைவிட நன்றாகச் செய்து, உண்மையிலேயே மாறாத செலவுக்குக் கொண்டுவர முடியுமா? முடியாது. டார்ஜான் 1979-இல் ஒரு குறிப்பிட்ட வகை அல்காரிதங்களுக்கு அதை நிறுவினார். மைக்கேல் ஃப்ரெட்மனும் மைக்கேல் சாக்ஸும் 1989-இல் இன்னும் பொதுவான கணினி மாதிரிக்கு நிறுவிவிட்டார்கள். ஆக 'கிட்டத்தட்ட' என்ற சொல் அந்த இடத்தில் நின்றே ஆக வேண்டும்.

பதில் சரி, வேகம் தப்பு

யூனியன்-ஃபைண்டில் நடக்கும் பிழைகளில் ஒரு வகை கண்ணிலேயே படாது. `rank[a] < rank[b]` என்பதைத் தலைகீழாக எழுதிவிட்டாலும், சமமாக இருக்கும்போது ரேங்க்கைக் கூட்ட மறந்துவிட்டாலும், சுருக்கும் சுற்றையே விட்டுவிட்டாலும், ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சரியாகவே வரும். சின்னச் சின்னச் சோதனைகள் எல்லாம் தேறிவிடும். வேகம் மட்டும்தான் போகும், அதுவும் பெரிய உள்ளீட்டில், மோசமான வரிசையில்தான்.

கண்டுபிடிக்க நேரத்தை அளப்பதைவிடத் தாவலை எண்ணுவது நல்லது. `find`-இன் முதல் சுற்றுக்குள் ஓர் எண்ணியை வைத்து, முடிவில் மொத்தத்தை `find` அழைத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். n பத்து லட்சமாக இருந்து, எண்ணி 6m + 8,12,517-ஐத் தாண்டினால் நிரலில் பிழை இருக்கிறது என்பது உறுதி, கணிதம் அதற்குச் சாட்சி. தாண்டாததால் மட்டும் நிரல் சரி என்று ஆகிவிடாது. சுருக்கம் மட்டுமே தனியாக நின்றும் நிறைய உள்ளீடுகளைச் சமாளித்துவிடும். மேலே பார்த்த சங்கிலி வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேங்க் இல்லாமல், சுருக்கத்தோடு ஓட்டினால் 0-வுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டே தாவல்தான். ஆகவே ரேங்க்கைச் சோதிக்கத் தனியாக ஒன்று செய்யலாம்: எல்லாச் சேர்ப்பும் முடிந்த பிறகு, வேரல்லாத ஒவ்வொரு x-க்கும் `rank[x] < rank[parent[x]]` சரியாக இருக்கிறதா, பெரிய ரேங்க் `log2(n)`-ஐத் தாண்டவில்லையே என்று பாருங்கள். மேலே சொன்ன தலைகீழ் விதியும், கூட்ட மறந்த ரேங்க்கும் இதில் முதலாவதில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சேர்ப்புக்கும் ரேங்க்கைக் கூட்டிவிடும் பிழை இரண்டாவதில் மாட்டும்.

பதிலையே கெடுக்கும் பிழைகள் இரண்டு. `find(a) == find(b)` என்று கேட்க வேண்டிய இடத்தில் `parent[a] == parent[b]` என்று கேட்பது ஒன்று. நம் எட்டு முனை எடுத்துக்காட்டில் 3-இன் பெற்றோர் 2, 5-இன் பெற்றோர் 4. இரண்டும் வேறு, ஆனால் இரண்டும் ஒரே குழுதான். இன்னொன்று, வேர்களைக் கண்டுபிடிக்காமல் `parent[b] = a` என்று எழுதிவிடுவது. அப்படிச் செய்தால் b மட்டும் தன் கிளையோடு பிரிந்து வந்துவிடும், அதன் பழைய குழு பின்னாலேயே நின்றுவிடும்.

அறுக்க முடியாத இணைப்பு

இதுவரை இணைப்புகள் சேர்ந்துகொண்டே போயின. ஓர் இணைப்பை நீக்க வேண்டும் என்றால் யூனியன்-ஃபைண்ட் கை விரித்துவிடும். காரணம் முதலிலேயே இருக்கிறது: இணைப்புகளை மறந்துவிடலாம் என்று சொல்லித்தான் தொடங்கினோம். `parent[7] = 0` என்று இருப்பதால் 7-க்கும் 0-வுக்கும் இணைப்பு இருந்தது என்று அர்த்தமில்லை. அதை அறுத்தால் எது எதோடு போக வேண்டும் என்று அணியைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

நீக்கல் மட்டுமே வரும், எல்லாக் கேள்விகளும் முன்கூட்டியே கையில் இருக்கும் என்றால் ஓர் எளிய வழி உண்டு. பட்டியலைக் கடைசியிலிருந்து படியுங்கள். எல்லா நீக்கங்களும் முடிந்த நிலையில் மரங்களைக் கட்டிவிட்டுப் பின்னோக்கி வந்தால், ஒவ்வொரு நீக்கமும் ஒரு சேர்ப்பாக மாறிவிடும்.

சேர்ப்பும் நீக்கமும் கலந்து வந்தாலும், பட்டியல் முழுவதும் முன்பே தெரிந்தால், ஒவ்வோர் இணைப்பும் எப்போது வந்து எப்போது போகிறது என்று காலத்தைப் பாதி பாதியாகப் பிரித்து, சேர்த்ததைத் திரும்ப எடுத்தபடியே வேலை செய்யலாம். அதற்குச் சுருக்கத்தை விட்டுவிட்டு ரேங்க்கை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அப்போது ஒரு `union` மாற்றுவது ஒரு `parent`, ஒரு `rank` மட்டும். பழைய மதிப்புகளை ஒரு ஸ்டாக்கில் எழுதி வைத்தால் நொடியில் பின்வாங்கலாம். ஒரு `find`-க்கு அதிகபட்சம் 19 தாவல் என்ற உறுதியும் அப்படியே இருக்கும். சுருக்கத்தோடு பின்வாங்க முயன்றால் நாம் மேலே போட்ட கணக்கு உடைந்துவிடும். பெற்றோரின் ரேங்க் திரும்பக் கீழே இறங்குவதே இல்லை என்பதில்தான் அது நின்றது. பின்வாங்கும்போது அது இறங்கும், அதே நீண்ட பாதைக்கு மறுபடி மறுபடி செலவு செய்ய வைக்க முடியும்.

எது வரும் என்று முன்பே தெரியாமல், சேர்ப்பும் நீக்கமும் கலந்து வந்து, உடனுக்குடன் பதிலும் சொல்ல வேண்டும் என்றால் இந்த இரண்டு சின்ன அணிகள் போதாது. ஜேக்கப் ஹோம், கிறிஸ்டியன் டி லிக்டன்பெர்க், மிக்கெல் தோருப் ஆகிய மூவரும் 1998-இல் தந்த முறை அதைச் செய்கிறது. அது இணைப்புகளை மறப்பதில்லை, எல்லாவற்றையும் பல நிலைகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. ஒரு மாற்றத்துக்கு அமார்டைஸ்டு செலவு `log n`-இன் வர்க்கம்.